டோட்டல் லாஸ் காருக்கு ரெண்டாவது முறை தேய்மானமா? ஒரு கடிதத்தில் 70,000 ரூபாயைக் கேட்டு வாங்கலாம்!

"உங்கள் வாகனம் டோட்டல் லாஸ் என்று முடிவு செய்யப்பட்டுள்ளது. தேய்மானம் போக ரூ.4,19,000 வழங்கத் தயாராக உள்ளோம். சம்மதம் எனில் இணைப்பில் உள்ள வவுச்சரில் கையெழுத்திட்டு அனுப்பவும்."

விபத்திலோ வெள்ளத்திலோ காரைப் பறிகொடுத்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து கிட்டத்தட்ட இந்த மாதிரி ஒரு மெயில் வரும். வண்டி போன கவலை ஒரு பக்கம், இ.எம்.ஐ தேதி இன்னொரு பக்கம். 'வர்றது வரட்டும்'னு கையெழுத்துப் போட்டுடுறவங்கதான் அதிகம். ஆனா, அந்த மெயில்ல 'தேய்மானம் போக'ன்னு ரெண்டு வார்த்தை இருக்கே... அதைக் கழிக்க அவங்களுக்கு உரிமையே இல்லைன்னா?

பெரும்பாலான கேஸ்களில் இல்லை என்பதுதான் பதில். அதை எப்படி எழுத்தில் கேட்பது, மார்க்கெட் விலைக்கான ஆதாரத்தை எங்கே திரட்டுவது, அந்த ஆதாரம் எதுக்கு உதவும், எதுக்கு உதவாது என்று ஒரு காரை வெச்சுப் பார்த்துடுவோம்.

செல்லூர் தண்ணியில் நின்ற ஒரு கார்

2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். பந்தல்குடி கால்வாய் நிரம்பி, செல்லூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். அன்று அந்தத் தெருக்கள் ஒன்றில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் நின்றதாக வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நாமே உருவாக்கிய கார்தான் இது. விதிகளும் சதவிகிதங்களும் மட்டும் நிஜம்.

கார் 2021 ஏப்ரலில் முதன்முதலாகப் பதிவானது. இப்போதைய ஓனர் 2023 டிசம்பரில் 5,15,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஆர்.சி-யைத் தன் பெயருக்கு மாற்றி, 2024 ஜனவரி 10-ம் தேதி புதிதாக பாலிசி எடுத்தார். வெறும் தேர்டு பார்ட்டி இல்லை, வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த முழு பாலிசி. அதே மாடலின் ஷோரூம் விலை அன்று 7,00,000 ரூபாய்.

பாலிசி போடும்போது 'ஐ.டி.வி' என்று ஒரு எண் வரும். வண்டி மொத்தமாகப் போனால் கம்பெனி தருவதாக ஒப்புக்கொள்ளும் மதிப்பு அதுதான். அதைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. வண்டிக்கு ஆறு மாதம் வரை என்றால் ஷோரூம் விலையில் 5% கழியும். ஒரு வருடம் வரை 15%, ரெண்டு வருடம் வரை 20%, மூணு வருடம் வரை 30%, நாலு வருடம் வரை 40%, ஐந்து வருடம் வரை 50%. ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு.

நம்ம காருக்கு ஜனவரி 10-ல் வயது 2 வருடம் 9 மாதம். அதனால் 30% கழித்து, ஐ.டி.வி 4,90,000 ரூபாய் என்று பாலிசியில் அச்சாகிவிட்டது. பிரீமியமும் அந்தத் தொகைக்குத்தான் வாங்கினார்கள்.

அக்டோபரில் தண்ணீர் புகுந்தது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4,10,000 ரூபாய். ரிப்பேர் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை டோட்டல் லாஸாகக் கருத வேண்டும் என்பது விதி. 4,90,000-க்கு 75% என்றால் 3,67,500. எஸ்டிமேட் அதைத் தாண்டிவிட்டதால் டோட்டல் லாஸ். இதுவரைக்கும் சண்டையே இல்லை.

சண்டை ஆரம்பிப்பது அடுத்த வரியில்தான். 'வெள்ளம் வந்த அன்று காருக்கு மூன்றரை வயது. அட்டவணைப்படி 40% கழிக்கணும். அப்ப மதிப்பு 4,20,000. அதில் கட்டாய எக்ஸஸ் 1,000 போக 4,19,000' என்கிறது கம்பெனி. படிக்கும்போது நியாயமாகத்தான் தோணும். அட்டவணையும் சரி, காரின் வயதும் சரி. அட்டவணையைப் பார்க்கும் தேதிதான் தப்பு.

தேய்மானம் ஒரு தடவைதான்

உங்க பாலிசி பி.டி.எஃப்-ஐத் திறந்து, 'சம் இன்ஷூர்டு' என்ற தலைப்பில் ஐ.டி.வி பற்றி எழுதியிருக்கும் பத்தியைத் தேடுங்க. முதல் பக்க ஷெட்யூலில் இருக்காது. அதுக்குப் பின்னால் பொடி எழுத்தில் வரும் பாலிசி வாசகத்தில் இருக்கும். டோட்டல் லாஸ் கிளெய்ம்களுக்கு, பாலிசி காலம் முழுவதும் ஐ.டி.வி-யையே 'மார்க்கெட் மதிப்பு' என்று கருத வேண்டும். மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. இதுதான் அந்தப் பத்தியின் சாரம். 2002 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் இருந்து வரும் வாசகம் இது.

அதாவது, தேய்மானம் பாலிசி தொடங்கும் நாளில் ஒரு தடவை கழியும். அடுத்த ரினியூவல் வரை அந்த எண் நகராது. ஜனவரியில் 4,90,000 என்றால் அக்டோபரிலும் 4,90,000தான். நடுவில் காருக்கு 'பர்த்டே' வந்ததெல்லாம் கணக்கில் சேராது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கும். பாலிசியில் ரெண்டாவதாக ஒரு தேய்மான அட்டவணை இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50%, ஃபைபர் பாகங்களுக்கு 30%, கண்ணாடிக்குக் கழிவே இல்லை என்று போகும் அது. பம்பர் உடைந்து புதுசு மாட்டுவது போன்ற ரிப்பேர் கிளெய்முக்கு மட்டுமே அது பொருந்தும். டோட்டல் லாஸில் யாரும் பாகத்தை மாற்றுவதே இல்லையே? சர்வே ரிப்போர்ட்டில் பாகம் பாகமாகக் கழித்து ஒரு கூட்டுத்தொகை போட்டிருந்தால், எஸ்டிமேட்டைச் சரிபார்க்க அது உதவலாம். செட்டில்மென்ட் தொகைக்கு அதை எடுக்க முடியாது.

இதே காரணத்தால்தான் 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் டோட்டல் லாஸில் கைகொடுக்காது. அது தள்ளுபடி செய்வது பாகங்களின் தேய்மானத்தை. 'ஜீரோ டெப் போட்டிருக்கேன், ஷோரூம் விலை வரணும்' என்று கடிதத்தில் எழுதினால், உங்க மொத்தக் கடிதமும் பலவீனமாகிடும். ஷோரூம் விலை வேணும்னா 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற தனி ஆட்-ஆன் இருந்திருக்கணும்.

சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது?

தர்மேந்திர கோயல் என்பவர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எதிராக நடத்திய வழக்கு, சுப்ரீம் கோர்ட் வரை போய் 2008-ல் தீர்ப்பானது. 2002 பிப்ரவரியில் பாலிசியைப் புதுப்பிக்கும்போது வண்டிக்கு 3,54,000 ரூபாய் மதிப்பு போடப்பட்டது. ஏழு மாதத்தில் விபத்து. கம்பெனியோ சர்வேயரின் குறைந்த மதிப்பைக் காட்டியது. 'பிரீமியம் வாங்கும்போது நீங்களே போட்ட மதிப்பை, பணம் கொடுக்கும்போது மறுக்க முடியாது' என்பதுதான் தீர்ப்பின் மையம். சர்வே ரிப்போர்ட் குறைவானது என்று நிரூபிக்கும் சுமையையும் வண்டிக்காரர் தலையில் கட்ட முடியாது என்றது நீதிமன்றம்.

கடைசியில் ஏழு மாதத்துக்காக 10,000 ரூபாயை மட்டும் குறைத்து 3,44,000 கொடுக்கச் சொன்னார்கள். 'பார்த்தீங்களா, கோர்ட்டே கழிச்சிருக்கு'ன்னு கம்பெனி தரப்பில் சொன்னால், கோயலின் பாலிசி தேதியைக் காட்டுங்க. அது 2002 ஜூலைக்கு முன்னால் எடுத்தது. 'மேற்கொண்டு தேய்மானம் இல்லை' என்ற வாசகம் உங்க பாலிசியில் இருந்தால், நீங்க நிற்கும் இடம் கோயலைவிட உறுதியானது.

மார்க்கெட் விலை ஆதாரம் எதுக்கு?

இங்கதான் நிறைய பேர் யூடியூப் பார்த்துக் குழம்புறாங்க. அமெரிக்காவில் டோட்டல் லாஸ் என்றால், அதே மாதிரி கார்கள் என்ன விலைக்குப் போகுதுன்னு பட்டியல் போட்டு, 'எனக்கு இன்னும் கூடுதலா கொடு'ன்னு பேரம் பேசலாம். நம்ம ஊரில் மேல் எல்லை ஐ.டி.வி. உங்க கார் வெளியில் 5,50,000-க்கு விலை போனாலும் பாலிசியில் 4,90,000 என்று இருந்தால் அதுக்கு மேல் வராது. இங்கே மார்க்கெட் ஆதாரம் ஒரு கேடயம் மட்டும்தான். 'உங்க கார் அந்த விலைக்கெல்லாம் போகாது சார்' என்று சர்வேயர் சொல்லும்போது அதைத் தடுக்க உதவும்.

அதனால், கடிதத்தில் அது ரெண்டாவதாகத்தான் வரணும். முதல் பத்தியிலேயே மார்க்கெட் விலையைப் பேசினால், 'மதிப்பு இன்னும் முடிவாகலை, பேசித் தீர்க்கலாம்' என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிடும். முதலில் பாலிசி வாசகம். பிறகு, 'உங்கள் வாதத்தின்படியே பார்த்தாலும்...' என்று மார்க்கெட்.

ஆதாரங்களில் எது வலுவானது? நம்ம காருக்கு, ஓனர் வெள்ளத்துக்குப் பத்து மாதம் முன்னால் 5,15,000 கொடுத்து வாங்கிய பேங்க் டிரான்ஸ்ஃபர் ஸ்டேட்மென்ட்டும் விற்பனை ஒப்பந்தமும். நிஜமாகவே கைமாறிய பணம் என்பதால் அதை மறுப்பது கஷ்டம். அடுத்து, பழைய கார் வியாபாரிகளிடம் லெட்டர்ஹெட்டில் வாங்கும் மதிப்பீடு. பைபாஸ் ரோடு, கே.கே.நகர் பக்கம் ரெண்டு, மூணு கடையில் கேட்டால் கொடுப்பாங்க. மாடல், வேரியன்ட், பதிவான வருடம், எத்தனையாவது ஓனர், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கணும். முக்கியமாக, 'வெள்ளத்துக்கு முன்பு நல்ல நிலையில் இருந்தால், 2024 அக்டோபரில் என்ன விலை' என்று தேதியோடு எழுதி வாங்கணும்.

மூணாவதுதான் ஆன்லைன் விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட். இதில் ஒரு சிக்கல் உண்டு. அதில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. சர்வேயர் அதைத்தான் முதலில் சொல்வார். அதனால் நீங்களே முந்திக்கொண்டு, 'பேரத்துக்காக இவ்வளவு குறைத்தாலும்' என்று ஒரு தொகையைக் கழித்துக் காட்டுங்க. கூடுதல் விலையில் இருப்பதை மட்டும் பொறுக்கிப் போடாமல், குறைந்த விலையில் இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் நம்பகத்தன்மை கூடும். நம்ம காருக்கு 5,35,000, 5,20,000, 4,95,000 என்று மூணு விளம்பரம் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், கடைசி ஒன்றுகூட ஐ.டி.வி-க்கு மேலேதான் இருக்கு. வேற டாப் வேரியன்ட்டையோ, சென்னை விலையையோ ஒப்பிட்டால் ஒரே வரியில் தள்ளிடுவாங்க.

சர்வீஸ் பில்களையும் மறக்காதீங்க. கடைசி சர்வீஸ் பில்லில் ஓடோமீட்டர் ரீடிங் இருக்கும். 'வண்டி ஓவரா ஓடியிருக்கு' என்ற பேச்சை அது நிறுத்தும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் காப்பியைக் கேட்டு வாங்கிடுங்க. 70,000 எந்தத் தலைப்பில் கழிந்திருக்கு என்று தெரியாமல் பதில் எழுதினால் காற்றில் கத்தி வீசுற மாதிரிதான். கையில் கிடைத்த பிறகு, கிளெய்ம் எண், பாலிசி எண், வண்டி எண் மூன்றையும் மேலே போட்டு இப்படி எழுதலாம்:

> பொருள்: டோட்டல் லாஸ் தொகையில் கழிக்கப்பட்ட தேய்மானம் ரூ.70,000-ஐ ஏற்க மறுத்தல் – ரூ.4,89,000 கோருதல்.
>
> தங்களின் ரூ.4,19,000 சலுகை கிடைத்தது. டோட்டல் லாஸ் என்ற முடிவை ஏற்கிறேன். தொகையை ஏற்கவில்லை.
>
> பாலிசி தொடங்கிய 10.01.2024 அன்று, 30% தேய்மானம் கழித்த பிறகே ஐ.டி.வி ரூ.4,90,000 என நிர்ணயிக்கப்பட்டது. பாலிசியின் ஐ.டி.வி பத்தியின்படி, டோட்டல் லாஸ் கிளெய்முக்கு இதுவே பாலிசி காலம் முழுவதற்குமான மார்க்கெட் மதிப்பு. மேற்கொண்டு தேய்மானம் கழிக்க இடமில்லை. சர்வே ரிப்போர்ட்டில் விபத்துத் தேதியின் வயதைக் கொண்டு 40% கழித்திருப்பது இந்த நிபந்தனைக்கு முரணானது.
>
> இதைப் பாதிக்காத வகையில், மார்க்கெட் நிலவரத்தின்படி பார்த்தாலும் வாகனத்தின் மதிப்பு ஐ.டி.வி-க்குக் குறைவாக இல்லை. நான் வாங்கிய விலைக்கான வங்கி ஆதாரம், இரண்டு வியாபாரிகளின் மதிப்பீடு, ஒரே வேரியன்ட்டின் மூன்று மதுரை விளம்பரங்கள், சர்வீஸ் பில்கள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> எனவே ரூ.4,90,000-இல் கட்டாய எக்ஸஸ் ரூ.1,000 மட்டும் கழித்து ரூ.4,89,000 வழங்கக் கோருகிறேன். மறுப்பதானால், எந்தப் பாலிசி நிபந்தனையின் கீழ் தேய்மானம் கழிக்கப்பட்டது என்பதை 15 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவும். சர்ச்சை இல்லாத ரூ.4,19,000-ஐ, மீதித் தொகைக்கான என் உரிமை பாதிக்கப்படாமல், உடனே விடுவிக்கவும்.

கடைசிப் பத்தியில் 'எந்த நிபந்தனையின் கீழ்' என்று கேட்பதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். அப்படி ஒரு நிபந்தனை பாலிசியில் இல்லாதபோது, அதிகாரிக்கு எழுத ஒன்றும் இருக்காது. தீர்ப்பு, சட்டப் பிரிவு எல்லாம் இந்த முதல் கடிதத்தில் தேவையில்லை. அடுத்த கட்டத்துக்கு வெச்சுக்கோங்க. அனுப்புவது மெயிலிலேயே இருக்கட்டும், தேதி பதிவாகிடும். போனில் 'பார்க்கலாம் சார், 4,40,000-க்கு முடிச்சுக்கலாம்' என்று யாராவது பேசினால், அதை மெயிலில் போடச் சொல்லுங்க.

70,000 ரூபாய்க்கு இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணலாம். இந்தக் காருக்கு பேங்க் லோன் பாக்கி 4,40,000 இருக்குன்னு வெச்சுக்கோங்க. லோன் இருக்கும் வண்டியில் செட்டில்மென்ட் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். 4,19,000 வந்தால் காரும் இல்லாமல், இன்னும் 21,000 கடன் கட்டணும். 4,89,000 வந்தால் கடன் அடைந்து, 49,000 கையில் நிற்கும்.

ஸ்கிராப் என்ற பெயரில் இன்னொரு கழிவு

சில சமயம் தேய்மானத்தை விட்டுக்கொடுத்துட்டு, வேறொரு வாசல் வழியா அதே தொகை கழியும். 'உடைஞ்ச வண்டியை நீங்களே வெச்சுக்கோங்க, அதோட மதிப்பு 1,60,000, அதைக் கழிச்சுட்டு மீதி தர்றோம்' என்பார்கள். நீங்க விசாரித்தால் 1,10,000-க்கு மேல் யாரும் வாங்க மாட்டாங்க. அப்ப 50,000 போச்சு.

இதுக்குப் பதில் சிம்பிள். 'வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு முழுத் தொகையைக் கொடுங்கள். இல்லையென்றால், 1,60,000-க்கு வாங்க முன்வந்தவரின் எழுத்துபூர்வமான ஆஃபரைக் கொடுங்கள்' என்று எழுதுங்க. கம்பெனிகள் ஏலத்தில் விலை கேட்டுத்தான் இந்த மதிப்பைப் போடுவது வழக்கம். நிஜமான ஏலதாரர் இருந்தால் காட்டுவதில் அவங்களுக்குச் சிரமம் இருக்காது. வண்டியைக் கொடுக்கும்போது ஒப்படைத்த தேதி, கிலோமீட்டர், சாவி எத்தனை என்று எழுதி ரசீது வாங்கிக்கோங்க. ஆர்.சி-யை என்ன செய்யணும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுடுங்க. உங்க பேரில் ஆர்.சி இருக்க, வண்டி வேற யார் கையிலோ ஓடுவது தலைவலி.

எங்கே தோற்போம்?

எல்லாக் கழிவும் தப்பான கழிவு இல்லை. 1,500 சி.சி வரை கார்களுக்கு 1,000 ரூபாய், அதுக்கு மேல் 2,000 என்று கட்டாய எக்ஸஸ் உண்டு. பிரீமியம் குறைய நீங்களே கூடுதல் எக்ஸஸ் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் கழியும். பாலிசி நிபந்தனையை மீறியதாகச் சொல்லி 25% கழித்து, 'நான்-ஸ்டாண்டர்ட்' என்று செட்டில் செய்வதும் உண்டு. அது தேய்மானம் இல்லை. அதுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது, மீறல் நடக்கவே இல்லைன்னு தனியாக வாதாடணும்.

ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது ஐ.டி.வி-யைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் வரும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சமாகுதேன்னு அதை இடது பக்கம் தள்ளி 4,20,000 என்று வெச்சிருந்தால், எந்த மார்க்கெட் ஆதாரமும் காப்பாற்றாது. பாலிசியில் என்ன எண் இருக்கோ அதுதான்.

மறுத்துட்டா?

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அதே கடிதத்தை அனுப்புங்க. bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதம் பதிலே இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் cioins.co.in வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரை அவரால் உத்தரவிட முடியும். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் போகணும். கோயல் தீர்ப்பை இங்கே இணையுங்க.

அல்லது, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் அனுமதிக்கிறது. ரெண்டு வருடம் அவகாசம் உண்டு. மன உளைச்சலுக்கான இழப்பீடும் கேட்கலாம், ஆனால் நாள் பிடிக்கும். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். தேய்மானம் மட்டுமே பிரச்னை, மத்ததெல்லாம் ஆவணத்தில் தெளிவா இருக்குன்னா, என் ஓட்டு முதலில் ஓம்புட்ஸ்மேனுக்குத்தான்.

ஏற்கெனவே 'முழு மற்றும் இறுதித் தொகை' வவுச்சரில் கையெழுத்துப் போட்டாச்சா? அதோடு கதை முடியலை. வவுச்சரைக் காட்டி, கூடுதல் தொகை கேட்டு வழக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரிலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ சுற்றறிக்கை விட்டிருக்கு. ஆனால் 'பணக் கஷ்டத்தில் ஆட்சேபத்தோடுதான் வாங்கினேன்' என்று ஒரு மெயில், பணம் வந்த மறுநாளே போயிருக்கணும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், மனசார ஒத்துக்கிட்டுத்தானே வாங்கினீங்கன்னு கேட்பாங்க.